பெயர் சூட்டு விழாவுக்குப் பின்னணி: பலூனா, பூவா, புடவையா?

வீட்டுக் கூடத்திலேயே பெயர் சூட்டு விழாவையோ முதல் பிறந்தநாளையோ நடத்த முடிவு செய்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, பலூன் வைக்கலாமா, பூ வைக்கலாமா என்பதுதான். நான் அதற்குப் பதில் சொல்வதற்கு முன் அந்தக் கூடத்துச் சுவரைப் பார்த்துவிட்டு வருவேன். கையில் ஏணி, துளையிடும் கருவி, இரும்புச் சட்டம் ஏதும் இல்லாமல், கயிறு, கத்தரிக்கோல், ஊசி நூல், துணி கிளிப், கைப் பம்பு ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு செய்யும் அலங்காரத்தில், அழகைவிட எடைதான் முதலில் தீர்ப்புச் சொல்கிறது. எது எதில் தொங்கப்போகிறது என்பது தெரிந்துவிட்டால், மீதித் தேர்வு பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும்.

வாடகை வீடுகளில் ஆணி அடிக்க உரிமையாளர்கள் சம்மதிப்பதில்லை. ஆகையால் பலரும் இரட்டைப் பக்க டேப்பை நம்புகிறார்கள். வழவழப்பான டைல்ஸ் மீது அது நன்றாகப் பிடிக்கும். சுண்ணாம்பு அடித்த சுவரில் அரை மணி நேரம்கூடப் பிடிக்காது; ஏனெனில் டேப் சுவரில் ஒட்டுவதில்லை, சுவரின் மேலுள்ள மாவில்தான் ஒட்டுகிறது. டிஸ்டெம்பர் அடித்த சுவரில் அது பிடிக்கும். ஆனால் எடுக்கும்போது பெயின்ட்டையும் உரித்துக்கொண்டு வரும். சுவரை உள்ளங்கையால் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால், டேப்பை நம்பும் எந்த அலங்காரத்தையும் அந்தச் சுவரில் திட்டமிட வேண்டாம்.

டேப்பை விட்டால் மிஞ்சுவது கயிறு. ஜன்னல் கம்பி, கதவின் மேலுள்ள திரைக் கம்பி, பரணின் விளிம்பு, மரப் பீரோவின் கால் ஆகியவற்றில் ஏதேனும் இரண்டுக்கு இடையே கயிறு கட்ட முடியாத கூடத்தை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். ஆனால் கயிற்றுக்கும் ஒரு குணம் உண்டு. நடுவில் தொய்வு தெரியக் கூடாது என்று நாம் எவ்வளவு இறுக்குகிறோமோ, அவ்வளவுக்கு இரு முனைகளிலும் இழுவை கூடும். 8 அடி நீளக் கயிற்றில் 5 கிலோ எடையைப் பரவலாகத் தொங்கவிட்டு, நடுவில் 4 அங்குலத் தொய்வை அனுமதித்தால், ஒவ்வொரு முனையிலும் ஏறத்தாழ 15 கிலோ அளவுக்கு இழுவை விழும். தொய்வை 2 அங்குலமாகக் குறைத்தால் அந்த இழுவை 30 கிலோவாகிவிடும். ஜன்னல் கம்பி அதைத் தாங்கும். சுவரில் இரண்டு சிறு திருகுகளால் பிடிக்கப்பட்ட திரைக் கம்பி தாங்காது. விழா நடக்கும்போது அலங்காரம் சரிந்து விழுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். முடிச்சைக் குறை சொல்வதில் பயனில்லை.

இந்த அடிப்படையில் மூன்று வழிகளையும் பார்ப்போம்.

பலூன் மாலையின் பெரிய நன்மை, அதற்கு எடை இல்லை என்பதே. 8 அடி நீள மாலையை ஒரு நைலான் நரம்பு எளிதாகத் தாங்கிவிடும். செய்முறையும் கடினமன்று. 10 அங்குலப் பலூன்களில் இரண்டை ஒரே அளவில் ஊதி, அவற்றின் கழுத்துகளை ஒன்றோடொன்று முடிய வேண்டும். அப்படிப்பட்ட இரண்டு சோடிகளைக் குறுக்கே வைத்து முறுக்கினால் நான்கு பலூன் கொண்ட ஒரு கொத்து கிடைக்கும். அந்தக் கொத்தின் நடுவே நரம்பை நுழைத்து, ஒரு பலூனை நரம்பின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினால் கொத்து நகராமல் நின்றுகொள்ளும். அடிக்கு இரண்டு கொத்துகள் என்ற கணக்கில் 8 அடிக்கு 64 பலூன்களும், இடைவெளிகளை மறைக்க 5 அங்குலச் சிறு பலூன்கள் 25-உம் தேவைப்படும். உடைவதையும் சேர்த்து, பெரியவற்றில் பத்தும் சிறியவற்றில் ஐந்தும் கூடுதலாக வாங்குவது நல்லது.

கடினம் எங்கே என்றால், எல்லாப் பலூன்களையும் ஒரே அளவில் ஊதுவதில்தான். கண்ணளவில் ஊதினால் முதல் பலூனும் ஐம்பதாவது பலூனும் ஒன்றாக இருக்காது. மாலை மேடும் பள்ளமுமாகத் தெரியும். ஓர் அட்டைப் பெட்டியின் பக்கத்தில் 8 அங்குல விட்டமுள்ள வட்டத்தை வெட்டி, ஊதிய ஒவ்வொரு பலூனையும் அதில் நுழைத்துப் பாருங்கள். மீறினால் காற்றைச் சற்று விடுங்கள். 10 அங்குலப் பலூனை 8 அங்குலத்தோடு நிறுத்துவது அளவுக்காக மட்டுமன்று, அதன் ஆயுளுக்காகவும்தான். முழுவதும் ஊதிய பலூன் கழுத்துப் பக்கம் நீண்டு பேரிக்காய் போல ஆகிவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே வாங்காமல் விறைப்பாக எதிர்க்கும். அந்த நிலையில் இருப்பது சொரசொரப்பான சுவரில் உரசினாலே வெடிக்கும், வெயில் பட்டாலும் வெடிக்கும். 8 அங்குலத்தில் நின்றது உருண்டையாக இருக்கும், அழுத்தினால் விரலுக்கு இடம் கொடுக்கும்.

வெயில் பலூனுக்குப் பகை. ஜன்னல் வழியாக நேர்வெயில் விழும் சுவரில், காலையில் பளபளத்த பலூன் சில மணி நேரத்தில் மெருகு போய், வெல்வெட் துணியைப் போல மங்கிவிடும். இரப்பர் காற்றோடும் ஒளியோடும் வினைபுரிவதே இதற்குக் காரணம். மங்கத் தொடங்கிய பலூன் வலுவும் இழந்திருக்கும். அடர் நிறங்கள் வெப்பத்தை அதிகம் உள்வாங்குவதால் அவையே முதலில் வெடிக்கின்றன. முந்தைய இரவே ஊதி வைக்கலாமா என்று கேட்டால், வெயில் படாத அறையில், காற்றாடிக் காற்று நேரே அடிக்காத இடத்தில் வைக்கலாம். காற்று மட்டும் நிரப்பிய பலூன் மறுநாள் மாலை வரை தாராளமாகத் தாங்கும்.

ஆனால் நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கைப் பம்பில் ஊதி, அளவு பார்த்து, முடிச்சுப் போட, பழகியவருக்கே ஒரு பலூனுக்கு முக்கால் நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஆகும். 90 பலூன்களுக்கு ஒன்றரை மணி நேரம்; கொத்துக் கட்டி நரம்பில் ஏற்ற இன்னொரு முக்கால் மணி நேரம். முப்பதாவது முடிச்சிலேயே ஆள்காட்டி விரல் சிவந்துவிடும். பிள்ளை பெற்ற வீட்டில், இரவு முழுவதும் தூக்கமில்லாதவர்களுக்கு நடுவே, இந்த வேலைக்கு இரண்டு பேர் கிடைப்பார்களா என்பதையும் யோசிக்க வேண்டும்.

பச்சிளங்குழந்தை இருக்கும் இடத்தில் பலூனைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகளை நான் விடாமல் சொல்வேன். வெடித்த பலூனின் துண்டும் ஊதாத பலூனும் சிறு குழந்தையின் தொண்டையில் ஒட்டிக்கொண்டால் மூச்சை அடைத்துவிடும். எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஆபத்து உண்டு என்ற எச்சரிக்கை பல பலூன் பாக்கெட்டுகளிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பெயர் சூட்டும் குழந்தை தவழாது. ஆனால் விழாவுக்கு வரும் ஒன்றரை வயதுக் குழந்தைகள் தரையில்தான் இருப்பார்கள். அடுத்தது, மிதக்கும் பலூன் வேண்டும் என்று தெருவில் எரிவாயு நிரப்பி வாங்குவது. மலிவாக நிரப்பப்படுவது பெரும்பாலும் தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன்; குத்துவிளக்கு எரியும் கூடத்துக்குள் அதற்கு இடமே கொடுக்கக் கூடாது.

பூவுக்கு வருவோம். காலை விழாவுக்குப் பூ கொடுக்கும் மங்கலத்தை வேறு எதுவும் கொடுப்பதில்லை என்பது என் கருத்து. அதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் சுவர் முழுவதும் பூச்சரம் என்ற ஆசைதான் எடைச் சிக்கலில் கொண்டுபோய் விடுகிறது. செண்டுமல்லியைப் பூவோடு பூ இடிக்க நெருக்கமாகக் கோத்தால், அடிக்கு ஏறத்தாழ 12 பூக்கள் பிடிக்கும். 5 அடிச் சரம் ஒன்றுக்கு 60. அப்படிப் பன்னிரண்டு சரங்களுக்கு 720. பூவின் பருமனைப் பொறுத்து ஒரு கிலோவில் 100 முதல் 200 பூக்கள் வரை நிற்கும் என்பதால், இது ஏறத்தாழ 5 கிலோ. மேலே கயிற்றுக்குச் சொன்ன கணக்கு இதற்குத்தான். இந்த எடைக்குப் பந்தல் கடையில் ஒரு மூங்கிலை வாங்கி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும். முக்கால் அங்குல பிளாஸ்டிக் குழாய் 8 அடிக்கு நடுவில் வளைந்துவிடும்.

பூவைக் குறைப்பதற்கு நம் தோரணத்திலேயே வழி இருக்கிறது. மூன்று பூக்களுக்கு ஒரு மாவிலையை மடித்து இடையில் கோத்தால், இலை இடத்தை நிரப்பிக்கொள்ளும். 3 அடிச் சரத்துக்கு 20 பூக்கள் போதும். பச்சையும் மஞ்சளும் மாறி மாறி வருவதால் நெருக்கமான சரத்தைவிட இதுவே படத்தில் தெளிவாகத் தெரிகிறது. கோக்கும்போது சாக்கு ஊசியில் இரட்டை நூலைப் போட்டு, பூவின் முகத்தின் நடுவில் குத்தி, அடியிலுள்ள பச்சைக் கிண்ணத்தின் வழியாக இழுங்கள். கிண்ணத்தைத் தவிர்த்து இதழில் மட்டும் நூல் பிடித்திருந்தால் ஒரு மணி நேரத்தில் பூ நழுவும். சரத்தின் அடியில் வெறும் முடிச்சு நிற்காது; ஒரு துண்டுக் காம்பைக் குறுக்கே வைத்து அதன் மேல் முடிச்சுப் போட்டால்தான் மேலுள்ள எடையைத் தாங்கும்.

வாங்கும்போது பூவின் முகத்தைப் பார்க்காமல் முதுகைப் பாருங்கள். அடிக்கிண்ணம் பச்சையாக இருந்தால் அன்றைய பூ, பழுப்பேறியிருந்தால் பழையது. செவ்வந்தியைத் தலைகீழாகப் பிடித்து மெல்ல உதறினால், இதழ் உதிர்வதிலேயே வயது தெரிந்துவிடும். தண்ணீர் தெளித்துக் குவித்து வைத்த பூ எடையும் கூடுதலாக இருக்கும், இரவில் சூடேறி அழுகவும் செய்யும். மாலையில் வாங்கிய பூவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துவிட்டு, காலையில் கருத்த இதழ்களோடு எடுத்த அனுபவம் எனக்கே உண்டு. ஈரத்தைப் பிழிந்த பருத்தித் துணியை மூங்கில் கூடையில் விரித்து, சரங்களைத் தளர்வாக வைத்து, மேலே இன்னொரு ஈரத் துணியால் மூடி வைப்பதே சரியான வழி. விலையைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லலாம்: முகூர்த்த நாளிலும் ஆயுத பூசையை ஒட்டிய நாட்களிலும் பூவின் விலை இரண்டு மூன்று மடங்காகக்கூடும், விழா நாள் அப்படிப்பட்டதா என்று பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுப் பட்ஜெட் போடுங்கள்.

தொட்டிலில் நேரடியாகப் பூச்சுற்றுவதில் அதிகக் கவனம் வேண்டும். அரளி பார்க்க அழகாகவும் மலிவாகவும் இருக்கும். ஆனால் அது நச்சுச் செடி, குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் அதைக் கட்டவே கூடாது. குண்டூசியும் கூடாது; எல்லாமே நூல் கட்டாகத்தான் இருக்க வேண்டும். மூடிய அறையில் சம்பங்கியும் மல்லிகையும் நிறைய வைத்தால் மணம் கனத்துவிடும் என்பதால், தொட்டிலுக்கு அருகில் மணம் குறைந்த பூக்களையே நான் வைக்கிறேன். எறும்பு வரும், தொட்டிலின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய சிறு கிண்ணங்களில் நிறுத்துவதே அதற்கு எளிய தடுப்பு.

மூன்றாவது வழி புடவை. இதைப் பலரும் ஒரு வழியாகவே நினைப்பதில்லை. செலவு இல்லை, எடை அரை கிலோவுக்குச் சற்று மேல், சுவரின் கறையையும் சுவிட்ச் பெட்டியையும் மறைத்துவிடும். சேலையின் நீளம் ஏறத்தாழ 18 அடி, அகலம் 45 அங்குலம். பொதுவாக இதைக் கயிற்றின் மேல் செங்குத்தாகப் பாதியாக மடித்துப் போடுவார்கள். 9 அடி உயரம் கிடைக்கும். ஆனால் ஒரு சேலைக்கு 4 அடிக்கும் குறைவான அகலமே கிடைக்கும். கொசுவம் வைத்தால் அது இன்னும் சுருங்கும். 6 அடிச் சுவரை நிரப்ப மூன்று சேலைகள் வேண்டும், மூன்றும் நிறத்தில் பொருந்தவும் வேண்டும்.

பெயர் சூட்டும்போது பெற்றோர் தரையில் மணையிலோ பாயிலோ அமர்ந்து குழந்தையை மடியில் வைத்திருக்கிறார்கள். தட்டில் பரப்பிய அரிசியில் பெயரை எழுதி, காதில் மூன்று முறை சொல்கிறார்கள். அமர்ந்தவர் தலை தரையிலிருந்து 3 அடி உயரத்தில்தான் இருக்கும். அப்படியானால் 9 அடி உயரப் பின்னணி எதற்கு? தரையிலிருந்து 5 அடி உயரத்தில் கயிற்றைக் கட்டி, ஒரே சேலையைப் படுக்கைவாக்கில் தொங்கவிட்டால் போதும். 18 அடித் துணியை 8 அடிக் கயிற்றில் கொசுவி நிறுத்த, அரை அடிக்கு ஒன்று வீதம் பதினாறு துணி கிளிப்புகள் வேண்டும். ஒவ்வொரு கிளிப்புக்கும் ஒன்றரைச் சாண் துணியைக் கணக்காக அளந்து சேர்த்துப் பிடித்தால், மடிப்புகள் சீராக விழும். கீழே ஒரு சாணுக்கும் மேல் சுவர் தெரியும். ஆனால் அது அமர்ந்திருப்பவர்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். இரண்டு பேர் செய்தால் மொத்தம் இருபது நிமிட வேலை.

சேலையைத் தேர்ந்தெடுக்கும்போது ஜரிகை அதிகமில்லாத, உடலில் வேலைப்பாடு குறைந்த பருத்திச் சேலையை எடுங்கள். ஜரிகை கேமரா பிளாஷில் வெள்ளைக் கோடாகத் தெறிக்கும். பட்டில் கிளிப்பின் பல் தடம் பதியும். இந்த அமைப்பின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பாட்டியும் அத்தையும் பின்னால் எழுந்து நின்றால் அவர்கள் தலை சேலைக்கு மேலே போய்விடும். நின்றபடி குடும்பப் படம் எடுக்க வேறு இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். உயரமான வாடகைத் தொட்டிலைப் பின்னணிக்கு முன்னால் நிறுத்துவதாக இருந்தாலும் இந்த 5 அடி போதாது.

சென்ற ஆண்டு என் நாத்தனார் பேத்திக்கு 30-ஆம் நாள் பெயர் வைத்தபோது இந்த மூன்றையும் எதிரெதிரே வைத்துத்தான் முடிவெடுத்தோம். முதல் மாடி வாடகை வீடு, கூடத்தில் டிஸ்டெம்பர் சுவர், இடப்பக்கம் ஜன்னல் கம்பி, வலப்பக்கம் படுக்கையறைக் கதவின் திரைக் கம்பி. காலை ஒன்பது மணிக்கு விழா. கிழக்கு ஜன்னல் வெயில் அதே சுவரில் விழும். வெயிலும், தவழும் பிள்ளைகள் மூவர் வருகிறார்கள் என்பதும் பலூனை ஒதுக்கிவிட்டன. முழுப் பூச்சுவரை அந்தத் திரைக் கம்பி தாங்காது. ஆகவே இலைப்பச்சை நிறப் பருத்திச் சேலை ஒன்றைப் படுக்கைவாக்கில் போட்டு, அதன் முன் ஆறு செண்டுமல்லிச் சரங்களை மட்டும் தொங்கவிட்டோம். சரத்துக்கு 20 பூ வீதம் 120 பூக்கள்; ஒரு கிலோ வாங்கியதில் கொஞ்சம் மிஞ்சி, அது அரிசித் தட்டைச் சுற்றி வைக்கப் பயன்பட்டது. சேலையும் பூவும் சேர்ந்து 2 கிலோவுக்கும் குறைவு. 4 அங்குலத் தொய்வோடு முனைகளில் விழுந்த இழுவை ஏறத்தாழ 5 கிலோ.

அதிலும் ஒரு பிழை நேர்ந்தது. முதலில் ஆறு சரங்களையும் சம இடைவெளியில் தொங்கவிட்டேன். தாயும் தந்தையும் அமர்ந்து பார்த்தபோது, நடுவிலிருந்த இரண்டு சரங்கள் சரியாக அவர்கள் தலைக்குப் பின்னால் வந்து, தலையிலிருந்து பூ முளைத்தது போலப் படத்தில் தெரிந்தது. உடனே நடுவில் 4 அடியைச் சேலையாகவே விட்டுவிட்டு, பக்கத்துக்கு மூன்றாகச் சரங்களை நகர்த்தினோம். எடை முனைகளுக்கு அருகே போனதால் நடுத் தொய்வும் குறைந்தது. பிறகு நான் எங்கு செய்தாலும், பூவைக் கயிற்றில் ஏற்றும் முன் ஒருவரை மணையில் அமரவைத்து, படம் எடுப்பவர் நிற்கும் இடத்திலிருந்து ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

அதே குழந்தையின் முதல் பிறந்தநாள் மாலை ஆறு மணிக்கு, அதே கூடத்தில் நடந்தது. அப்போது கணக்கு மாறியது. வெயில் இல்லை; கேக் மேசைக்குப் பின்னால் எல்லோரும் நிற்கிறார்கள்; காலையில் வாங்கிய பூ மாலைக்குள் வாடத் தொடங்கிவிடும். கயிற்றை 7 அடிக்கு உயர்த்தி, இரண்டு சேலைகளைச் செங்குத்தாக, கொசுவம் அதிகமில்லாமல் பக்கம் பக்கமாகத் தொங்கவிட்டு, மேல் விளிம்பில் 6 அடிப் பலூன் மாலையை வளைத்துக் கட்டினோம். பலூன் சுவரில் உரசாமல் துணி காத்தது. அன்று மாலை முழுவதும் ஒரே ஒரு பலூன்தான் வெடித்தது. மாலையை 5 அடிக்குக் கீழே இறக்கவில்லை. நடக்கத் தொடங்கிய குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பலூன்கூட இருக்கக் கூடாது என்பதே அதற்குக் காரணம்.

கடையில் கிடைக்கும் மினுமினுக்கும் நூலிழைத் திரையையும் பிளாஸ்டிக் பூச்சரத்தையும் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. முன்னது காற்றாடிக் காற்றில் சிக்கி முறுக்கிக்கொள்கிறது, பிளாஷ் ஒளியைத் திருப்பி அடிக்கிறது. காற்றாடியை நிறுத்தக்கூடிய மாதங்களில் மட்டுமே அது உதவும். பின்னது ஆண்டுக்கு மூன்று நான்கு விழா நடத்தும் குடும்பத்துக்குச் செலவைக் குறைக்கும்; ஒற்றை விழாவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் குத்துவிளக்கைப் பின்னணிக்கு முன்னால் நேராக வைக்காதீர்கள். பக்கவாட்டில், துணியின் விளிம்பிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளி, காற்றாடிக் காற்று துணியைத் தள்ளாத திசையில் வையுங்கள். பலூன் வைத்திருந்தால், விழா முடிந்ததும் கழுத்துக்கருகில் கத்தரிக்கோலால் சிறு துளையிட்டுக் காற்றை மெல்ல இறக்குங்கள். வெடிக்கவிட்டால் துண்டுகள் சோபாவுக்கு அடியில் போய்விடும். பாக்கெட்டிலிருந்து எத்தனை பலூன்கள் எடுத்தீர்கள் என்பதை எழுதி வைத்துக்கொண்டு, குப்பையில் போடும்போது அத்தனையும் வந்துவிட்டதா என்று எண்ணிப் பாருங்கள்; ஒன்று குறைந்தாலும் பாயை உதறி, தரையைப் பெருக்கிய பிறகே குழந்தையைக் கீழே இறக்கிவிடுங்கள்.